120 கிரெடிட் எப்படி 90 ஆகிறது?

இந்தியாவில் மூன்றாண்டு பி.எஸ்சி. முடித்த ஒரு மாணவி அமெரிக்காவில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய மதிப்பெண் பட்டியலில் மொத்தம் 120 கிரெடிட் என்று இருக்கிறது. அமெரிக்காவிலும் ஓர் இளங்கலைப் பட்டத்துக்கு வழக்கமாக 120 கிரெடிட்தான் கேட்கிறார்கள். இரண்டு இடத்திலும் ஒரு கிரெடிட் என்பதற்கு, வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பு வீதம் ஒரு செமஸ்டர் என்றுதான் பொருள் சொல்கிறார்கள். ஆனாலும் சான்றிதழ்களை ஒப்பிட்டு மதிப்பிடும் நிறுவனத்திடமிருந்து வரும் அறிக்கையில் 90 அல்லது அதற்கு நெருக்கமான ஓர் எண்தான் இருக்கும். முப்பது கிரெடிட் எங்கே போயிற்று என்று அவர் கேட்பது நியாயமே. அது எங்கும் போகவில்லை. கிரெடிட் என்ற ஒரே சொல் மூன்று வெவ்வேறு பொருள்களை அளக்கிறது என்பதுதான் விஷயம்.

முதலில் அமெரிக்கக் கிரெடிட் எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம், ஏனென்றால் அது மாணவர்களுக்காகப் பிறந்ததே அல்ல. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட்ரூ கார்னகி கல்லூரிப் பேராசிரியர்களின் ஓய்வூதியத்துக்காக ஒரு கோடி டாலர் ஒதுக்கினார். அதை நிர்வகித்த கார்னகி அறக்கட்டளை, எந்த நிறுவனத்தைக் கல்லூரி என்று ஏற்பது என்பதற்கு ஓர் அளவுகோல் வைக்க வேண்டியிருந்தது. கல்லூரியில் சேர வருபவர் பள்ளியில் ஒரு பாடத்தை இத்தனை மணி நேரம் படித்திருக்க வேண்டும் என்ற அலகு அங்கேதான் நிலைபெற்றது. பின்னர் 1910-இல் மாரிஸ் குக் என்ற பொறியாளர், தொழிற்சாலையின் உற்பத்தித் திறனை அளப்பதைப் போலக் கல்லூரியின் செலவையும் உழைப்பையும் அளக்க ‘மாணவர்-மணி’ என்ற கணக்கை முன்வைத்தார். இப்படி வகுப்பறை நேரமே அமெரிக்கக் கிரெடிட்டின் எலும்புக்கூடு ஆயிற்று. அதற்குச் சதை வைத்தது அமெரிக்க மத்திய அரசின் விதி: வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பும், வகுப்புக்கு வெளியே குறைந்தது இரண்டு மணி நேரப் படிப்பும், சுமார் 15 வாரத்துக்கு நடந்தால் அது ஒரு செமஸ்டர் கிரெடிட். ஆகவே ஒரு அமெரிக்கக் கிரெடிட், காகிதக் கணக்கில், 45 மணி நேர உழைப்பு. (அந்த வகுப்பு மணி நடைமுறையில் பெரும்பாலும் 50 நிமிடமே என்பதை இங்கே கண்டுகொள்ளாமல் விடுவோம்.)

ஐரோப்பியக் கிரெடிட் எதிர்த்திசையிலிருந்து வந்தது. 1989-இல் எராஸ்மஸ் மாணவர் பரிமாற்றத் திட்டத்துக்குள் இது தொடங்கியபோது, பாரிஸில் ஒரு செமஸ்டர் படித்த ஜெர்மன் மாணவருக்கு ஊர் திரும்பியதும் அரை ஆண்டு வீணாகாமல் இருக்க வேண்டும் என்பதே சிக்கலாக இருந்தது. எனவே மணியிலிருந்து தொடங்காமல் ஆண்டிலிருந்து தொடங்கினார்கள்: முழுநேர மாணவர் ஒருவர் ஓர் ஆண்டில் செய்யும் மொத்த வேலை 60 கிரெடிட், அவ்வளவுதான். அந்த ஆண்டு வேலை 1,500 முதல் 1,800 மணி நேரம் என்று பிறகு கணக்கிட்டார்கள். அதனால் ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேரம் வருகிறது. ஜெர்மனி 30 என்ற மேல்வரம்பையே எடுத்துக்கொள்கிறது. வகுப்பு, வீட்டுப்பாடம், ஆய்வகம், தேர்வுக்குத் தயாராகும் வாரங்கள் எல்லாம் இதற்குள் அடக்கம். மூன்றாண்டு இளங்கலை 180 கிரெடிட் ஆகிறது.

இந்தியாவின் நிலை சற்றுக் கலப்படமானது. எந்தப் பாடத்திட்டத்தைத் திறந்தாலும் பாடத்தின் பெயருக்கு அருகே எல், டி, பி, சி என்று நான்கு கட்டங்கள் இருக்கும்: விரிவுரை, டியூடோரியல், பிராக்டிகல், கிரெடிட். ‘3 0 0 3’ என்றால் வாரம் மூன்று மணி நேர வகுப்பு, மூன்று கிரெடிட். ‘0 0 4 2’ என்றால் வாரம் நான்கு மணி நேர ஆய்வகம், ஆனால் இரண்டே கிரெடிட். இது அமெரிக்க மரபைப் போல வகுப்பு நேரத்தைத் தொட்டு நிற்கும் கணக்கு. 2023-இல் வந்த தேசியக் கிரெடிட் கட்டமைப்போ ஐரோப்பிய மரபைப் போல ஆண்டிலிருந்து தொடங்குகிறது: ஆண்டுக்கு 1,200 மணி நேரக் கற்றல், அதற்கு 40 கிரெடிட், ஆக ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம்.

இப்போது அந்த மாணவியின் 120 கிரெடிட்டுக்குத் திரும்பலாம். அளவுகோல் ஒன்று, வகுப்பு நேரம். ஒரு கிரெடிட்டுக்கு 15 மணி நேரம் என்றால் அவர் 1,800 மணி நேரம் வகுப்பில் இருந்திருக்கிறார். அமெரிக்காவில் நான்கு ஆண்டு படித்தவரும் 1,800 மணி நேரமே இருந்திருக்கிறார். இந்தக் கணக்கில் 120-க்கு 120, வித்தியாசமே இல்லை.

அளவுகோல் இரண்டு, மொத்த உழைப்பு. இந்தியக் கிரெடிட்டில் 30 மணி நேரம் என்பதால் 120 கிரெடிட் 3,600 மணி நேரம். அதை அமெரிக்கக் கிரெடிட்டின் 45-ஆல் வகுத்தால் 80 வருகிறது. வகுப்பில் சமமாக இருந்தவர் இங்கே மூன்றில் ஒரு பங்கு பின்தங்கிவிடுகிறார், காரணம் அமெரிக்க விதி ஒரு மணி நேர வகுப்புக்கு இரண்டு மணி நேரத் தனிப்படிப்பை எழுதி வைத்திருக்கிறது, நம்முடையது ஒன்றைத்தான் எழுதி வைத்திருக்கிறது.

அளவுகோல் மூன்று, ஆண்டு. அவர் படித்தது மூன்று ஆண்டு. ஓர் ஆண்டு அமெரிக்காவில் 30 கிரெடிட், ஐரோப்பாவில் 60. ஆகவே அவருக்கு அமெரிக்காவில் 90, ஐரோப்பாவில் 180. மதிப்பீட்டாளர்கள் பெரும்பாலும் கையில் எடுப்பது இதைத்தான். சரியான தேர்வு என்றே நான் நினைக்கிறேன். தனிப்படிப்பு மணி என்பது யாரும் அளந்து பார்க்காத ஒன்று. விதியில் எழுதிய எண்ணுக்கும் விடுதி அறையில் நடப்பதற்கும் எந்த நாட்டிலும் உறுதியான தொடர்பு இல்லை. வகுப்பு மணியோ கற்பிக்கும் மரபைப் பொறுத்தது. நம் மாணவர் வாரத்துக்கு 20 மணி நேரம் வகுப்பில் அமர்கிறார், அமெரிக்க மாணவர் 15 மணி நேரம் அமர்ந்துவிட்டு நூலகத்துக்குப் போகிறார். ஆனால் ஒருவர் ஓர் ஆண்டு முழுநேரம் படித்து அடுத்த ஆண்டுக்குத் தேறினார் என்பது சரிபார்க்கக்கூடிய செய்தி.

ஆண்டுக் கணக்கை ஏற்றால் ஒரு முக்கியமான விளைவு உண்டு: மாற்று எண் என்று நிலையான ஒன்று கிடையாது. ஆண்டுக்கு 40 கிரெடிட் உள்ள படிப்பில் ஒரு கிரெடிட் 60-ஐ 40-ஆல் வகுத்ததற்குச் சமம், அதாவது ஒன்றரை ஐரோப்பியக் கிரெடிட். பொறியியலில் நான்கு ஆண்டுக்கு 160 என்ற ஏ.ஐ.சி.டி.இ. மாதிரிப் பாடத்திட்டத்துக்கும் இதே ஒன்றரைதான். ஆனால் தமிழ்நாட்டில் பல பல்கலைக்கழகங்களின் மூன்றாண்டு இளங்கலைக்கு 140 கிரெடிட். அங்கே 180-ஐ 140-ஆல் வகுக்க வேண்டும். ஒரு கிரெடிட் சுமார் 1.29 மட்டுமே. மொத்தத்தில் 20 கிரெடிட் கூடுதலாக வாங்கியவருக்கும் ஐரோப்பாவில் 180-தான், ஏனென்றால் அதே மூன்று ஆண்டைத்தான் அவருடைய பல்கலைக்கழகம் இன்னும் பொடியாக நறுக்கியிருக்கிறது.

இது வெறும் கணக்குப் புதிர் அல்ல. ஒரு முதுகலைப் படிப்பு, இளங்கலையில் குறைந்தது 20 ஐரோப்பியக் கிரெடிட் கணிதம் படித்திருக்க வேண்டும் என்று கேட்கிறது என்று கொள்வோம். மாணவர் நான்கு கிரெடிட் வீதம் நான்கு கணிதத் தாள் படித்திருக்கிறார், மொத்தம் 16. அவருடையது 120 கிரெடிட் படிப்பு என்றால் 24 ஆகித் தேறுகிறார். 140 கிரெடிட் படிப்பு என்றால் 20.6 ஆகி மயிரிழையில் தேறுகிறார். கணக்கிடுபவர் ஆண்டைப் பார்க்காமல், இரண்டுக்கும் 30 மணி நேரம்தானே என்று நேருக்கு நேர் வைத்தால் 16-இலேயே நின்றுவிடுகிறார். விண்ணப்பத்தில் தாமே மாற்று எண்ணை எழுதி அனுப்புவதைவிட, படிப்பின் மொத்தக் கிரெடிட், படிப்புக்காலம், ஒரு கிரெடிட்டுக்கான வகுப்பு மணி ஆகிய மூன்றையும் பல்கலைக்கழகத்தின் முத்திரையோடு ஒரு தாளில் வாங்கி இணைப்பதே நல்லது. மாற்றும் வேலையை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். வகுக்கும் எண் தெரியாமல்தான் தவறுகிறார்கள்.

பட்டம் முடித்துப் போகிறவரைவிட நடுவில் ஒரு செமஸ்டர் போய்த் திரும்புகிறவருக்குத் தலைவலி அதிகம். இந்தியப் பொறியியல் மாணவர் ஒருவர் ஜெர்மனிக்கு ஒரு செமஸ்டர் போகிறார். ஆறு கிரெடிட் வீதம் ஐந்து பாடம், மொத்தம் 30 எடுக்கிறார். அங்கே அவருடைய கால அட்டவணை காலியாகத் தெரியும். ஆறு கிரெடிட் பாடம் ஒன்றுக்கு வாரத்துக்கு நான்கு வகுப்பு என்றால், ஒரு வகுப்பு 45 நிமிடம், 14 வாரம், ஆக வகுப்பில் 42 மணி நேரம். ஆனால் கிரெடிட் சொல்வது 180 மணி நேரம். மீதமுள்ள 138 மணி நேரத்தை யாரும் மணியடித்து நினைவூட்டுவதில்லை; பல பாடங்களில் இடைத்தேர்வும் இல்லை, கடைசியில் ஒரே தேர்வுதான். வகுப்பு நேரத்தை வைத்துப் பளுவை எடைபோட்டுப் பழகியவர் இங்கேதான் சறுக்குகிறார்.

அவர் ஒரு பாடத்தில் தோற்று 24 கிரெடிட்டோடு திரும்புகிறார் என்று வைத்துக்கொண்டால், ஒன்றரையால் வகுக்க ஊரில் அது 16. செமஸ்டருக்கு வேண்டியது 20. நான்கு கிரெடிட் குறைகிறது. ஊரில் தோற்றிருந்தால் அந்தப் பாடம் அரியராக நிற்கும், அடுத்த தேர்வில் எழுதிவிடலாம். இதை எழுத ஊரில் தேர்வே இல்லை. அதற்கு ஈடான உள்ளூர்ப் பாடத்தை இறுதியாண்டில் முதலிலிருந்து படிக்க வேண்டும். தேறிய பாடங்களிலும் கணக்கு உதைக்கும். ஆறு கிரெடிட் பாடம் சரியாக நான்காகிறது, ஆனால் ஐந்து கிரெடிட் பாடம் 3.33 ஆகிறது, அதை மூன்று கிரெடிட் பாடத்துக்கு ஈடாக்கினால் அந்த 0.33 காற்றில் போகும், நான்குக்கு ஈடாக்கத் துறை ஒப்புக்கொள்ளாது. புறப்படும் முன்பே, எந்தப் பாடத்துக்கு எது ஈடு, எத்தனை கிரெடிட் என்று இரு பல்கலைக்கழகங்களும் மாணவரும் கையெழுத்திடும் கற்றல் ஒப்பந்தம் இதற்காகத்தான். அங்கே போய்ப் பாடத்தை மாற்றினால் ஒப்பந்தத்தையும் மாற்றி மறுபடி கையெழுத்து வாங்க வேண்டும். இதை விட்டுவிடுபவர்கள்தான் திரும்பி வந்து துறைத்தலைவர் அறை வாசலில் நிற்கிறார்கள்.

கிரெடிட் எதுவும் சொல்லாத இன்னொன்றும் உண்டு: நாட்காட்டி. ஜெர்மனியின் குளிர்கால செமஸ்டர் அக்டோபர் 1-இல் தொடங்கி மார்ச் 31-இல் முடிகிறது; தேர்வுகள் பிப்ரவரி, மார்ச்சில் நடக்கும். நம் ஊரில் அதே காலத்தில் ஒரு செமஸ்டரின் கடைசிப் பகுதியும் அடுத்ததன் முதற்பகுதியும் ஓடுகின்றன. எனவே 30 கிரெடிட்டும் சுத்தமாகத் தேறி வந்தவர்கூட, ஒரு செமஸ்டருக்குப் பதிலாக இரண்டு செமஸ்டரின் வகுப்புகளை இழந்திருக்கலாம்.