பம்ப்பை மாற்றும் முன் பிரஷர் கேஜைப் பாருங்கள்

தண்ணீரைப் பனிபோல் தூவும் மிஸ்ட் ஃபேன் சர்வீஸுக்குப் போகும் இடத்தில் முதலில் காதில் விழுவது, "பம்ப் போயிடுச்சு, பிரஷரே இல்ல" என்பதுதான். பாதி நேரம் பம்ப் நன்றாகவே இருக்கும்.

அண்மையில் ஒரு டீக்கடை. வெளியே இரண்டு ஃபேன், ஃபேனுக்கு ஆறு நாசில், 70 பார் பம்ப். நான்கைந்து நாசிலில்தான் பனி வருகிறது, ஒன்றில் சொட்டுச் சொட்டாக உட்காருபவர் மேலேயே விழுகிறது. புது பம்ப் வாங்கவே முடிவு செய்துவிட்டார்கள். நான் பார்த்தது கேஜை. முள் 70-இல் அசையாமல் நின்றது. பிரஷர் முழுதாக இருந்தும் பனி குறைவு என்றால் அடைப்பு நாசிலில் என்று அர்த்தம். போக வழியில்லாத தண்ணீர் பைபாஸ் வழியாகப் பம்ப்புக்கே திரும்பித் திரும்பி வரும். பம்ப்பைத் தொட்டேன், கை வைக்க முடியாத சூடு.

அடைத்தது உப்பு. ஃபேனை நிறுத்தியதும் நாசில் நுனியில் தங்கும் துளி காய்ந்து, தண்ணீரிலிருந்த சுண்ணாம்பு மட்டும் அங்கேயே படியும். துளையே 0.2 மில்லிமீட்டர்தான், அதை அடைக்க எவ்வளவு உப்பு வேண்டும்? சொட்டிய நாசிலைக் கழற்றிப் பார்த்தால், யாரோ குண்டூசி விட்டுக் குத்தி, துளை ஒரு பக்கம் பிய்ந்திருந்தது. தயவுசெய்து குத்தாதீர்கள். பெரிதான துளை திரும்பச் சிறிதாகாது, அதை மாற்றத்தான் வேண்டும். மற்றவற்றை வினிகரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் அலசி, பின்பக்கத்திலிருந்து ஊதினாலே போதும். ஆனால் கழற்றும் முன் பிளக்கைப் பிடுங்கி, லைனில் இருக்கும் பிரஷரைத் திறந்துவிடுங்கள். 70 பாரில் பீய்ச்சும் தண்ணீர் தோலைக் கிழித்து உள்ளே போய்விடும்.

சரி, எல்லாவற்றையும் மாட்டி ஓட்டினோம். இப்போது முள் 40-க்கு இறங்கிவிட்டது! கடைக்காரர் முகம் வாடிவிட்டது. ஆனால் இதுவும் பம்ப்பின் தவறில்லை. நாசில்கள் அடைத்திருந்தவரை புதுத் தண்ணீர் கொஞ்சம் போதும். பன்னிரண்டும் திறந்ததும் நிமிடத்துக்கு ஒரு லிட்டர் போலக் கேட்கிறது, உள்ளே வரும் வழி அதைத் தரவில்லை. தண்ணீர் பற்றாத பம்ப் கடகடவென்று கூழாங்கல் உருளுவதுபோல் சத்தம் போடும், முள்ளும் நடுங்கும். பம்ப்புக்குப் போகும் குழாயைக் கழற்றி வாளியில் விட்டு ஒரு நிமிடம் பிடித்தோம். அரை லிட்டர்கூடத் தேறவில்லை. ஃபில்டரைத் திறந்தால் உள்ளே இருந்த கேட்ரிட்ஜ் சேறு பிடித்து அடைத்திருந்தது. புது 5 மைக்ரான் கேட்ரிட்ஜ் போட்டதும் முள் 70-க்கு வந்து நின்றது.

வாளியில் தண்ணீர் தாராளமாக விழுந்து, காற்றும் எங்கும் இழுக்காமல், நாசில் எதுவும் கழன்றோ ஒழுகியோ இல்லாமல், அப்போதும் முள் ஏறவில்லை என்றால்தான் பம்ப்பைத் திறப்பேன். அப்போதும் முதலில் பார்ப்பது சீலும் வால்வும்தான்.