ரீஃபண்டுக்காகத் தேடி எடுத்த அந்த நம்பர் யாருடையது?

கோத்தகிரியில் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறேன். பசுந்தேயிலைப் பணம் கணக்கில் ஏறியிருந்த வாரம், சிறு விவசாயி ஒருவர் காலையில் கதவு திறந்ததுமே வந்து நின்றார். "மேடம், நேத்து சாயங்காலம் கஸ்டமர் கேருக்குப் போன் பண்ணினேன். இருந்த பணமும் போயிடுச்சு" என்றார்.

ஆன்லைனில் 2,340 ரூபாய்க்கு வாங்கிய ஸ்ப்ரேயர் உடைந்து வந்திருக்கிறது. திருப்பி அனுப்பி ஒன்பது நாளாகியும் பணம் வரவில்லை. அந்த ஆப்பில் சாட் மட்டும்தான், பேசுவதற்கு நம்பர் இல்லை. அதனால் கடையின் பெயரோடு 'கஸ்டமர் கேர் நம்பர்' என்று தேடி, மேலே வந்த மொபைல் எண்ணை அழைத்திருக்கிறார்.

எடுத்தவன் பொறுமையாகப் பேசினானாம். ஆர்டர் எண்ணைக் கேட்டுக்கொண்டு, "ரீஃபண்ட் ரெடியா இருக்கு சார். யுபிஐ ஆப்பைத் திறந்து நான் சொல்ற ஐடியைப் போடுங்க. கீழே ரீஃபண்ட் கோடு 24871, அதையும் போட்டு பின் அடிங்க" என்றானாம். கோடு என்று அவர் அடித்தது தொகை எழுதும் கட்டத்தில். பின் அடித்ததும் 24,871 ரூபாய் போய்விட்டது. யுபிஐ பின் என்பது நம் கணக்கிலிருந்து பணம் போவதற்கு, அல்லது இருப்பைப் பார்ப்பதற்கு. வருகிற பணத்துக்குப் பின் கிடையாது.

அவர் ஏமாளி இல்லை. தானாக வரும் போன் என்றால் உடனே வைத்துவிடுகிறவர். இங்கே அழைத்தது அவரே என்பதால் சந்தேகம் வரவில்லை. ஆனால் தேடலில் வரும் நம்பரை யாரும் சரிபார்த்துப் போடுவதில்லை. காசு கட்டி விளம்பரமாகவும் போடலாம், கேள்வி பதில் பக்கங்களில் எழுதி வைக்கலாம், மேப்பில் இருக்கும் கடையின் எண்ணை மாற்றச் சொல்லிக்கூடத் திருத்தம் அனுப்பலாம். நிஜ நிறுவனம் நம்பரே தராத இடத்தில் போலி நம்பர் எளிதாக மேலே வந்துவிடுகிறது. சிலர் ஸ்கிரீன் ஷேரிங் ஆப்பை ஏற்றச் சொல்வார்கள். ஏற்றினால் உங்களுக்கு வரும் ஓடிபியை அவர்களும் படிக்கலாம்.

அங்கேயே உட்காரவைத்து சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழைத்தோம், cybercrime.gov.in தளத்திலும் புகார் பதிந்தோம். இரவே அழைத்திருந்தால் வாய்ப்பு கூடியிருக்கும். விடிவதற்குள் பணம் வேறு கணக்குகளுக்கு மாறி, கொஞ்சம்தான் முடக்க முடிந்தது.

அப்புறம் ரீஃபண்ட் விஷயத்தைப் பார்த்தோம். ஆப்பில் ஆர்டரைத் திறந்தால் 'ரீஃபண்ட் முடிந்தது' என்று தேதியும், 12 இலக்கக் குறிப்பு எண்ணும் இருந்தன. அந்த எண்ணைக் கொடுத்தால் பணம் வந்ததா என்று வங்கியில் பார்த்துச் சொல்லிவிடுவோம். பொதுவாக எந்தக் கணக்கிலிருந்து கட்டினோமோ அதற்குத்தான் ரீஃபண்ட் திரும்பும். ஸ்ப்ரேயருக்குப் பணம் போனது அவர் மனைவியின் கணக்கிலிருந்து. அந்தப் பாஸ்புக்கை மறுநாள் கொண்டுவந்து என்ட்ரி போட்டபோது, 2,340 ரூபாய் நான்கு நாள் முன்பே வரவாகியிருந்தது.