நூலுக்கு ஏது அழுத்தம்?

பதினோராம் வகுப்பு மாணவனுக்கான ஒரு மொழிபெயர்ப்புக் குறிப்பில் யோயோ கணக்கு. ‘நூலின் அழுத்தத்தைக் காண்க’ என்று கேட்டிருந்தார்கள். இதே பிழையை எத்தனை முறைதான் பார்ப்பது!

ஆங்கிலத்தில் நூலுக்குச் சொல்வது டென்ஷன். அது நீட்டுதல், இழுத்தல் என்று பொருள்படும் லத்தீன் வேர்ச்சொல்லில் இருந்து வந்தது. தமிழில் இழுவிசை. இழுத்த, இழுக்கின்ற, இழுக்கும் விசை, அழகான வினைத்தொகை. இலங்கைப் பாடநூல்களில் இழுவை என்பார்கள், அதுவும் சரியே.

அழுத்தம் எங்கிருந்து வந்தது? ஹைடென்ஷன் கம்பியை ‘உயர் அழுத்த மின்கம்பி’ என்கிறோம். மனசுக்கு வரும் டென்ஷனும் மன அழுத்தம்தான். அகராதியில் கண்டதை எடுத்து நூலில் கட்டிவிட்டார்கள். நூலால் இழுக்கத்தான் முடியும். அழுத்திப் பாருங்கள், துவண்டுவிடும்.

‘இறுக்கம்’ என்று எழுதுபவர்கள் இன்னொரு ரகம். காதுக்கு இனிமையாக, நல்ல தமிழாகத்தான் இருக்கிறது. ஆனால் இறுக்கம் ஒரு நிலை. நியூட்டனில் அளக்கும் விசை அல்ல. அந்த யோயோவையே எடுத்துக்கொள்வோம். நிறை 50 கிராம், வட்டின் ஆரம் R = 3 செ.மீ., நூல் சுற்றியிருக்கும் நடுத்தண்டின் ஆரம் r = 0.5 செ.மீ. நூலின் நுனியைக் கையில் அசையாமல் பிடித்துக்கொண்டு யோயோவை விடுகிறோம். எடை கீழே இழுக்கிறது, நூல் மேலே இழுக்கிறது:

mg − T = ma

எடை மையத்தின் வழியே செல்வதால் அது வட்டைச் சுழற்றாது. சுழற்றுவது நூல் மட்டுமே, அதுவும் தண்டின் விளிம்பில் இருந்து. சீரான வட்டு என்று கொண்டால் நிலைமத் திருப்புத்திறன் ½mR². அப்போது

Tr = ½mR² × (a/r)

இதில் R/r = 6, ஆகவே T = 18ma. மேலே உள்ள சமன்பாட்டில் இட்டால் mg = 19ma. முடுக்கம் g/19, அதாவது சுமார் 0.52 மீ/வி². இழுவிசை எடையில் 18/19 பங்கு, சுமார் 0.46 நியூட்டன். (r இருக்க வேண்டிய இடத்தில் R போட்டால் முடுக்கம் 2g/3 என்று வரும். யோயோ கல் மாதிரி விழுந்தால் விளையாட்டு ஏது?)

யோயோவைச் சும்மா தொங்கவிட்டால் இழுவிசை 0.49 நியூட்டன். இறங்கும்போது 0.46. இரண்டு நேரத்திலும் நூல் ஒரே மாதிரி விறைப்பாகத்தான் தெரியும். ‘இறுக்கம்’ என்று படித்த பையன் இரண்டும் ஒன்றே என்று நினைத்து T = mg என்று போடுவான்; முடுக்கம் சுழியாகிவிடும். அப்புறம், யோயோ மேலே ஏறும்போது நூல் இன்னும் ‘இறுகும்’ என்பான். அதுவும் இல்லை. ஏறும்போதும் முடுக்கம் கீழ்நோக்கியே இருக்கிறது, இழுவிசையும் அதே 18/19 பங்குதான். அடியில் யோயோ திரும்பும் அந்த ஒரு கணத்தில் மட்டும் கை வெடுக்கென்று இழுபடும்.

அந்த வெடுக்கென்ற இழுப்பை ஒரு தடவை விரலில் வாங்கியவர், நூலின் அழுத்தம் என்று எழுத மாட்டார்.