சிவப்பணு உடைந்தது எங்கே?

துணிப்பெட்டியில் போட்டுவைத்த பாச்சை உருண்டையை மிட்டாய் என்று நினைத்து, நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் வாயில் போட்டுச் சப்பிவிடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அன்று ஒன்றும் தெரியாது. மறுநாள் சோர்ந்து படுத்துக்கொள்வான். மூன்றாம் நாள் காலையில் அவனுடைய கண்வெள்ளை மஞ்சளாகவும், சிறுநீர் பால் கலக்காத காப்பி நிறத்திலும் இருக்கும். மஞ்சள் காமாலை என்று எண்ணிக் கீழாநெல்லியை அரைத்துக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் வீடுகள் நம்மிடையே உண்டு. ஆனால் இந்தக் குழந்தையின் கல்லீரலில் கோளாறு எதுவும் இல்லை. அவனுடைய சிவப்பணுக்களே உடைந்துகொண்டிருக்கின்றன.

பாச்சை உருண்டையில் உள்ள நாஃப்தலீன் உடலுக்குள் மாற்றமடைந்து, ஆக்சிஜனேற்றம் செய்யும் கடுமையான பொருள்களாகிறது. ஜி6பிடி என்னும் நொதி போதிய அளவில் இருந்தால் சிவப்பணு அவற்றைத் தாங்கிக்கொள்ளும். அந்த நொதிக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், குறைபாடு பெரும்பாலும் ஆண் குழந்தைகளிடமே வெளிப்படுகிறது. நொதி குறைந்த அணுவில் ஹீமோகுளோபின் உருக்குலைந்து, சிறு கட்டிகளாக உறைந்து, அணுச்சவ்வின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்கிறது. அதன் பிறகு அந்த அணுவுக்கு இரண்டு முடிவுகளில் ஒன்று நேர்கிறது. சவ்வு கிழிந்து இரத்தநாளத்துக்குள்ளேயே அணு வெடித்தால், ஹீமோகுளோபின் நேரடியாகப் பிளாஸ்மாவில் கொட்டுகிறது. வெடிக்காத அணு மண்ணீரலின் குறுகிய இடுக்குகளில் நுழையும்போது, அங்குள்ள விழுங்கணுக்கள் உறைந்த பகுதியைக் கடித்தெடுக்கின்றன, அல்லது அணுவையே முழுதாக விழுங்கிவிடுகின்றன. முன்னது நாளத்துக்குள் நிகழும் சிதைவு, பின்னது நாளத்துக்கு வெளியே நிகழும் சிதைவு. இந்தச் சிறுவனிடம் இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன. ஓரத்தில் கடித்தெடுத்த அப்பம் போன்ற சிவப்பணுக்களை அவனுடைய இரத்தப் பூச்சில் நுண்ணோக்கி வழியாகப் பார்க்கலாம்.

மூன்றாம் நாள் பரிசோதனையில் வரக்கூடிய எண்களைப் பார்ப்போம். ஹீமோகுளோபின் 100 மில்லிலிட்டருக்கு 7.4 கிராம், நோய்க்கு முன் அது 12 அளவில் இருந்திருக்கும். ஹீமோகுளோபின் சிதைந்து உருவாகும் மஞ்சள் நிறமியான பிலிரூபின் 4.1 மில்லிகிராம், அதில் கல்லீரல் பதப்படுத்தி முடித்த நேரடிப் பிலிரூபின் 0.4 மட்டுமே. ஹாப்டோகுளோபின் 10 மில்லிகிராமுக்கும் கீழே. ரெட்டிகுலோசைட் 1.5 சதவீதம்.

முதலில் ஹாப்டோகுளோபினை எடுத்துக்கொள்வோம். கல்லீரல் தயாரிக்கும் இந்தப் புரதம், பிளாஸ்மாவில் சிந்திய ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. பற்றிய இணையை விழுங்கணுக்கள் நிமிடக் கணக்கில் அகற்றிவிடுகின்றன. புரதமும் அதனுடன் போய்விடுவதால் இரத்தத்தில் அதன் அளவு சரிகிறது. ஏறத்தாழ 16 கிலோ எடையுள்ள இந்தச் சிறுவனின் உடலில் 1200 மில்லிலிட்டர் இரத்தம் இருக்கும். ஹீமோகுளோபின் 12-இலிருந்து 7.4-க்கு இறங்கியிருப்பதால், அவன் சுமார் 55 கிராம் ஹீமோகுளோபினை இழந்திருக்கிறான். அவனுடைய பிளாஸ்மாவில் உள்ள ஹாப்டோகுளோபின் முழுவதும் சேர்ந்தாலும் ஏறக்குறைய ஒரு கிராமைத்தான் பற்ற முடியும். அதாவது, உடைந்த அணுக்களில் ஐம்பதில் ஒரு பங்கு நாளத்துக்குள் உடைந்திருந்தாலே ஹாப்டோகுளோபின் தீர்ந்துபோகும். மண்ணீரலில் விழுங்கணுக்கள் அணுக்களை அழிக்கும்போதும் சிறிது ஹீமோகுளோபின் வெளியே கசியத்தான் செய்கிறது. எனவே ஹாப்டோகுளோபின் குறைந்திருப்பது அணுக்கள் சிதைகின்றன என்று சொல்லுமே தவிர, சிதைவு எங்கே நடக்கிறது என்று சொல்லாது. இந்த வேறுபாட்டைப் பலரும் கவனிக்கத் தவறுகிறார்கள். மேலும், தொற்றும் அழற்சியும் இப்புரதத்தின் உற்பத்தியை உயர்த்துவதால், காய்ச்சலில் இருக்கும் நோயாளியிடம் சிதைவு நடந்துகொண்டிருக்கும்போதே அளவு இயல்பாகத் தோன்றலாம். கல்லீரல் நலிந்தவரிடம் சிதைவே இல்லாமலும் அது குறைந்திருக்கலாம்.

இடத்தைக் காட்டிக்கொடுப்பது சிறுநீர். ஹாப்டோகுளோபின் தீர்ந்த பிறகு மிஞ்சும் ஹீமோகுளோபின் சிறுநீரகத்தில் வடிந்து வெளியேறுகிறது. சோதனைப் பட்டையை அந்தச் சிறுநீரில் நனைத்தால், இரத்தத்துக்கான கட்டம் அழுத்தமாக நிறம் மாறும். அதே சிறுநீரை நுண்ணோக்கியில் பார்த்தால் சிவப்பணுக்கள் இருக்காது. தசை சிதைந்து மயோகுளோபின் வெளியேறும்போதும் இப்படியே தெரியும் என்பதால், இரத்தத்தைச் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பார்க்க வேண்டும். தசைச் சிதைவில் பிளாஸ்மா வழக்கமான வெளிர்மஞ்சளாக இருக்கும்; இவனுடையதோ இளஞ்சிவப்பாக இருக்கும். ஊசியில் சிரமப்பட்டு இரத்தம் எடுக்கும்போது குழாயிலேயே அணுக்கள் உடைந்தாலும் பிளாஸ்மா சிவக்கக்கூடும். அப்போது சிறுநீரின் நிறம் மாறியிருக்காது. மண்ணீரலில் மட்டும் சிதைவு நடக்கும் பரம்பரைக் கோள அணு நோயில் சிறுநீர் இப்படிக் கருப்பதில்லை. அங்கே மண்ணீரல் வீங்கிக் கைக்குத் தட்டுப்படும்.

அடுத்தது பிலிரூபின். ஒரு கிராம் ஹீமோகுளோபினிலிருந்து ஏறக்குறைய 35 மில்லிகிராம் பிலிரூபின் உருவாகிறது. சிறுநீரில் போனதைக் கழித்தாலும், இந்தக் குழந்தையின் கல்லீரல் பல வாரங்களில் கையாள வேண்டிய சுமையை இரண்டு மூன்று நாள்களில் கையாண்டிருக்கிறது. அப்படியும் அளவு 4.1-ஐத் தாண்டவில்லை. கல்லீரல் நலமாக இருக்கும்போது, சிதைவால் மட்டும் பிலிரூபின் 5-க்கு மேல் போவது அரிது. அதற்கு மேல் போனாலோ, நேரடிப் பிலிரூபினின் பங்கு பெரிதாக இருந்தாலோ, கல்லீரலிலோ பித்தநாளத்திலோ வேறொரு கோளாறையும் தேட வேண்டும். பதப்படுத்தப்படாத பிலிரூபின் ஆல்புமினுடன் ஒட்டியே பயணிப்பதால் அது சிறுநீரில் இறங்காது. ஆகையால் இவனுடைய சோதனைப் பட்டையில் பிலிரூபினுக்கான கட்டம் நிறம் மாறாது. கல்லீரல் அழற்சியில் சிறுநீர் கருக்கும்போது அந்தக் கட்டம் மாறும். குறைந்த செலவில் கிடைக்கும் இந்த வேறுபாட்டை எந்தச் சிறு மருத்துவமனையிலும் பார்த்துவிடலாம்.

ரெட்டிகுலோசைட் என்பது எலும்பு மஜ்ஜையிலிருந்து அண்மையில் வெளிவந்த இளம் சிவப்பணு. அணுக்கள் இவ்வளவு உடைந்தும் அது 1.5 சதவீதமாக, பார்வைக்கு இயல்பாக இருப்பது குழப்பம் தரலாம். சதவீதத்தை விட்டுவிட்டு எண்ணிக்கையைப் பார்த்தால் தெளிவு கிடைக்கும். ஒரு மைக்ரோலிட்டரில் 27 லட்சம் சிவப்பணுக்கள் இருந்தால், அதில் 1.5 சதவீதம் 40,500. நலமானவரிடம் இது இயல்பான எண்ணிக்கை, ஹீமோகுளோபின் 7.4-க்கு இறங்கிய உடலுக்கோ இது போதவே போதாது. ஆனாலும் இதைக் கண்டு மஜ்ஜை பழுது என்று முடிவு கட்டக்கூடாது. சிவப்பணு உற்பத்தியைத் தூண்டச் சிறுநீரகம் அனுப்பும் எரித்ரோபொயட்டின் சில மணி நேரத்திலேயே உயர்ந்தாலும், மஜ்ஜை புதிய அணுக்களை வளர்த்து வெளியே விட மூன்று முதல் ஐந்து நாள்கள் ஆகும். எட்டாம் நாள் மீண்டும் எண்ணும்போது 29 லட்சத்தில் 13 சதவீதம், அதாவது 3,77,000 என்று வந்தால், மஜ்ஜை ஈடுகொடுத்துவிட்டது என்று பொருள். அப்போதும் எண்ணிக்கை ஏறாவிட்டால், ஃபோலிக் அமிலக் குறைபாட்டையும் பார்வோ பி19 வைரஸ் தொற்றையும் தேட வேண்டும்.

இதே இளம் அணுக்கள் நோய்க்காரணத்தை மறைத்துவிடவும் கூடும். ஜி6பிடி நொதி முதிய அணுக்களில் மிகக் குறைவாகவும் இளம் அணுக்களில் ஓரளவு கூடுதலாகவும் இருக்கும். தாக்குதலின்போது முதியவை முதலில் உடைந்துபோய், எட்டாம் நாளில் இரத்தம் இளம் அணுக்களால் நிறைந்திருக்கும். அன்று நொதியை அளந்தால் விடை இயல்பு என்றே வரக்கூடும். அந்தத் தாளை நம்பி வீட்டுக்குப் போகும் குழந்தைக்குப் பின்னொரு நாள் மலேரியாவுக்காக, இதே சிதைவைத் தூண்டக்கூடிய பிரைமாக்வின் மாத்திரை கொடுக்கப்படலாம். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள்கள் என்பதால், அணுக்கள் மறுபடி எல்லா வயதிலும் கலந்திருக்கும் வரை பொறுத்து, ஏறக்குறைய மூன்று மாதம் கழித்து நொதியை மீண்டும் அளக்க வேண்டும். அந்த விடை வரும் வரை, அவனுடைய மருத்துவச் சீட்டில் ஜி6பிடி குறைபாடு என்ற சந்தேகம் எழுதப்பட்டே இருக்க வேண்டும்.