மூலம் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு நோய்: மலக்குடல் இறக்கத்தை எப்படிப் பிரித்துச் சொல்வது?

எங்கள் பெரியம்மாவுக்கு 71 வயது, வீடு பட்டர்வொர்த் பக்கம். இரண்டு வருஷமாக அவருக்கு "மூலம்". வெளிக்கிப் போய் எழுந்தால் பின்பக்கம் ஏதோ வெளியே வந்து நிற்கும், கையால் தள்ளிவிட்டால் உள்ளே போய்விடும். கிளினிக்கில் தாதி மலாயில் "புவாசிரா?" என்று கேட்டால் இவரும் "ஆமா, புவாசிர்" என்பார். அட்டையில் புவாசிர் என்று ஏறிவிடும், களிம்பும் உள்ளே வைக்கிற மாத்திரையும் கைக்கு வரும். கட்டிலில் ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பார்த்த இரண்டு மூன்று தடவையும் வெளியே ஒன்றும் இல்லை. ஒரு தனியார் கிளினிக்கில் இரண்டு முறை ரப்பர் வளையம் போட்டு மூலத்தைக் கட்டியும் பார்த்தார்கள். வெளியே வந்தது வந்துகொண்டே இருந்தது, நாள் ஆக ஆகக் கொஞ்சம் நீளமாகவே வந்தது.

கடைசியில் தெரிந்தது, அது மூலமே இல்லை, மலக்குடல் இறக்கம். இரண்டு வருஷம் வீணானதில் பாதிப் பழியை நான் அந்தச் சொல்லின் மேல்தான் போடுவேன்.

மூலம் என்றால் வடமொழியில் வேர், அடி. தமிழிலும் ஆதாரம், தொடக்கம் என்ற பொருளிலேயே புழங்குகிறது. உடம்பின் அடியில் இருக்கிற இடத்தை மூலாதாரம் என்கிறோம், அங்கே வருகிற நோய் மூலநோய். அதாவது அந்தப் பெயர் இடத்தைச் சொல்கிறதே தவிர என்ன நோய் என்று சொல்லவில்லை. சித்த மருத்துவத்தில் மூலத்தை 21 வகையாகப் பிரிப்பார்கள். ரத்தமூலம், முளைமூலம் என்று போகிற அந்தப் பட்டியலில் சீழ்மூலம், பவுத்திரமூலம் எல்லாம் உண்டு. பவுத்திரம் என்பது ஆசனவாய்க்குப் பக்கத்தில் துளை விழுந்து சீழ் வடிகிற வேறொரு நோய், ஆனாலும் அதையும் மூலக் குடும்பத்தில்தான் சேர்த்திருக்கிறார்கள். ஆகப் பழைய வழக்கில் மூலம் ஒரு பொதுப்பெயர். நாமோ அதை இன்றைய ஹெமராய்டு என்ற ஒற்றை நோய்க்குக் கொடுத்துவிட்டோம், ஆனால் பேச்சில் மட்டும் பழைய பொதுப்பொருளை விடவில்லை. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

ஹெமராய்டு கிரேக்கச் சொல், ரத்தம் ஒழுகுவது என்று பொருள். பைல்ஸ் என்பது பந்து என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஒன்று ரத்தத்தைச் சொல்கிறது, இன்னொன்று உருண்டையைச் சொல்கிறது, இரண்டும் அந்த நோயின் குணத்துக்குப் பொருந்துகின்றன. மலாய்க்காரர்களின் புவாசிர் அரபிலிருந்து வந்தது. புரோலாப்ஸ் என்பதும் லத்தீன்தான், முன்பக்கமாக நழுவி விழுவது. ரெக்டம் என்றால் நேரானது என்று பொருள், ஆனால் மனிதருக்கு அந்தக் குடல் நேராக இல்லை, வளைந்துதான் இருக்கிறது. நம்முடைய மலக்குடல் அந்தப் பெயரைவிட எவ்வளவோ மேல், செய்கிற வேலையைச் சொல்லிவிடுகிறது.

சரி, இரண்டையும் எப்படிப் பிரிப்பது?

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஆசனவாயின் உட்புறத்தில் ரத்தக்குழாய் நிறைந்த மெத்தை போன்ற திசு எல்லாருக்கும் இருக்கும், பொதுவாக மூன்று இடத்தில், தனித்தனியாக. வாயை மூடிக் காற்றும் நீரும் கசியாமல் வைத்திருப்பதில் அவற்றுக்கும் பங்கு உண்டு. அவை வீங்கிச் சரிந்தால் மூலம். மலக்குடல் இறக்கத்தில் சரிவது அந்த மெத்தை இல்லை, குடலின் சுவரே முழுத் தடிமனோடு தனக்குள் மடிந்து ஆசனவாய் வழியாக வெளியே வருகிறது. முழுக்கைச் சட்டையைக் கழற்றும்போது கைப்பகுதி உள்புறம் வெளிப்புறமாகத் திரும்பி வருமே, அது மாதிரி.

இந்த வித்தியாசம் வெளியே வந்ததன் மேல் அப்படியே எழுதியிருக்கும். மூலம் தனித்தனி மெத்தை என்பதால் தனித்தனி முண்டாகத்தான் வரும், முண்டுக்கு முண்டு நடுவில் பள்ளம் இருக்கும், அந்தப் பள்ளங்கள் நடுவிலிருந்து வெளிப்பக்கம் பிரிந்து ஓடும். மங்குஸ்தீன் பழத்தைத் திறந்தால் வெள்ளைச் சுளைகள் நிற்குமே, சுளைக்குச் சுளை கோடு எப்படிப் போகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். (இனி மங்குஸ்தீன் சாப்பிட முடியாமல் போனால் மன்னிக்கவும்.) மலக்குடல் வெளியே வந்தால் அது சுற்றுமுழுக்க ஒரே துண்டு, குழாய் போல. அதன் மேலுள்ள மடிப்புகள் வட்டமாகச் சுற்றி வரும், கிணற்றில் கல் போட்டால் எழும் வளையம் போல ஒன்றைச் சுற்றி ஒன்று. குழாயின் முனையில் நடுவே ஒரு துளை. கோடு வெளிப்பக்கம் பிரிந்து ஓடுகிறதா, வட்டமாகச் சுற்றுகிறதா, பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியே போதும்.

தொட்டாலும் வித்தியாசம் தெரியும். மூலம் மெத்தென்று அமுங்கும். இறங்கிய மலக்குடலில் சுவர் மடிந்து இரண்டு அடுக்காக இருப்பதால் விரலுக்கு நடுவில் கனமாக இருக்கும். நீளமும் துணை செய்யும், 5 சென்டிமீட்டருக்கு மேல் குழாயாக நீண்டு நின்றால் அதை மூலம் என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் சின்னதாக இருப்பதால் மட்டும் மூலம் என்று முடிவு கட்டாதீர்கள். குடலின் உள்தோல் மட்டும் சரிந்து வருகிற வகையும் உண்டு. அது இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் வரும், கோடும் மூலம் போலவே வெளிப்பக்கம் ஓடும், அதைப் படத்தைப் பார்த்துச் சொல்வது டாக்டருக்கே சிரமம்.

எல்லாரும் ஏமாறுவது அதன் நடத்தையில்தான். "தானா உள்ளே போயிடுச்சுன்னா மூலம்தான், பயப்படாதே" என்று ஊரில் பாதிப் பேர் வைத்தியம் சொல்வார்கள். தவறு. மூலத்துக்கு நான்கு படி சொல்வார்கள். முதல் படியில் ரத்தம் மட்டும் வரும், வெளியே ஒன்றும் வராது. இரண்டாவதில் முக்கினால் வந்து தானாகப் போய்விடும், மூன்றாவதில் கையால் தள்ள வேண்டும், நான்காவதில் தள்ளினாலும் போகாது. மலக்குடல் இறக்கமும் கிட்டத்தட்ட இதே வழியில்தான் நடக்கிறது. ஆரம்பத்தில் கழிப்பறையில் மட்டும் வந்து தானாகத் திரும்பும், அப்புறம் கை தேவைப்படும். ஆக உள்ளே போகிறதா இல்லையா என்பதை வைத்து எது என்று சொல்லவே முடியாது.

நடத்தையில் பார்க்க வேண்டியது வேறு. இறக்கம் முற்றினால் மலம் கழிக்கும்போது மட்டும் என்ற எல்லை போய்விடும், இருமினால் வரும், கனமான பையைத் தூக்கினால் வரும், சும்மா நடந்தாலே வரும். பெரியம்மா காலைச் சந்தைக்குப் போவதையே நிறுத்தியிருந்தார், கேட்டால் முட்டிவலி என்றார். இன்னொன்று கசிவு. குடல் அடிக்கடி வந்து போவதால் ஆசனவாயை இறுக்குகிற தசை தளர்ந்துவிடும், சளி போல வழுவழுப்பாகத் துணியில் படும், பலருக்கு மலமும் அடங்காது. மூலத்திலும் லேசான ஈரம் படலாம், ஆனால் அதன் பெரிய அடையாளம் வலியில்லாமல் சொட்டுகிற பளிச்சென்ற சிவப்பு ரத்தம். பெரியம்மாவுக்கு ரத்தம் எப்போதாவது ஒரு கோடு போலத்தான், ஆனால் ஒரு நாளைக்கு மூன்று முறை உள்ளாடை மாற்றினார். இதை அவர் எந்த டாக்டரிடமும் சொன்னதில்லை, "மூலம்" என்றதும் யாரும் கேட்கவும் இல்லை.

அப்புறம் படுக்க வைத்துப் பார்த்தபோது ஏன் தெரியவில்லை? படுத்தால் அழுத்தம் இல்லை, குடல் உள்ளேயே இருந்துவிடும். கடைசியாகப் பார்த்த அறுவை நிபுணர் கட்டிலில் பார்த்ததும் விடவில்லை, பெரியம்மாவைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போய் உட்கார்ந்து முக்கச் சொல்லிவிட்டு தாதியோடு நின்று பார்த்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, வளையம் வளையமாக வந்து நின்றது. டாக்டர் முன்னால் அப்படி முக்க வராதவர்கள் வீட்டிலேயே, வெளிக்கிப் போனவுடன், உள்ளே தள்ளுவதற்கு முன், நல்ல வெளிச்சத்தில் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு போகலாம். கூச்சம்தான், ஆனால் நிபுணர்களே கேட்டு வாங்குகிற படம் அது.

பெயரைச் சரியாக வைப்பது வீண் வேலை இல்லை, ஏனென்றால் வைத்தியமே வேறு. ரப்பர் வளையம் வீங்கிய மெத்தையை உதிர்க்கும், இறங்குகிற குடலைத் தடுக்காது. பெரியம்மாவுக்கு வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு அறுவை செய்து மலக்குடலை மேலே இழுத்து முதுகெலும்பின் அடிப்பகுதியில் பொருத்தினார்கள். இறக்கம் நின்றுவிட்டது. கசிவு அதே வேகத்தில் நிற்கவில்லை, தளர்ந்த தசைக்கு மாதக்கணக்கில் பயிற்சி தேவைப்பட்டது.

எந்தப் பெயராக இருந்தாலும், வெளியே வந்தது உள்ளே போகாமல் கறுத்துக் கடுமையாக வலித்தால் அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். வயதானவர்களுக்கு ரத்தம் போனால் "மூலம்தானே" என்று விடாமல் உள்ளே குழாய் விட்டும் பார்க்க வேண்டும், புற்றும் அப்படித்தான் ரத்தம் காட்டும். இரண்டு மூன்று வயதுக் குழந்தைக்குச் சிவப்பாக ஏதாவது வந்தால் மூலம் என்பதைவிட மலக்குடலாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

இனி தமிழ்ப் பெயர். சரிவு, பிதுக்கம், வெளித்தள்ளல் என்று பலவிதமாக எழுதலாம், எதுவும் தவறில்லை. எனக்கு மலக்குடல் இறக்கம்தான் பிடிக்கிறது. கருப்பை இறக்கம் என்றால் நம் பெண்களுக்கு உடனே புரியும். இரண்டும் இடுப்பின் அடித்தசை தளர்வதோடு தொடர்புள்ளவை, சிலருக்குச் சேர்ந்தே வரும், ஒன்று புரிந்தவருக்கு மற்றதும் புரியும். ஒரே நிபந்தனை, முன்னால் உள்ள 'மல' என்ற இரண்டு எழுத்தை விடவே கூடாது. விட்டால் குடலிறக்கம் ஆகிவிடும், அது ஹெர்னியா, வயிற்றுச் சுவரிலோ தொடை இடுக்கிலோ புடைக்கிற முற்றிலும் வேறு சங்கதி.

பெரியம்மா வீட்டுக்கு வந்த முதல் வாரம் பக்கத்து வீட்டு அக்கா பார்க்க வந்தார். "மூலம் இல்லையாம்மா, குடல் இறக்கமாம்" என்றார் பெரியம்மா. "அட, என் தம்பிக்கும் அதான், தொடை இடுக்குல வலை வெச்சுத் தச்சாங்க, லோரியில மூட்டை ஏத்துனதுல வந்தது" என்று அந்த அக்கா சொல்ல, இரண்டு பேரும் மைலோ குடித்தபடி அரை மணி நேரம் ஒரே நோயைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசினார்கள்.