கணக்கிலிருந்து பணம் போனால் யார் பொறுப்பு? மூன்று வேலை நாள் விதியும் வங்கியின் ரகசியக் கடமையும்

"ஓடிபியை யாரிடமாவது சொன்னீங்களா?" தெரியாமல் பணம் போய்விட்டது என்று புகார் செய்தால் வங்கியில் கேட்கும் முதல் கேள்வி அநேகமாக இதுதான். நியாயமான கேள்விதான். ஆனால் அதன் கூடவே இன்னொன்றையும் கேட்க வேண்டும்: என் கணக்கு விவரம் திருடனுக்கு எப்படிக் கிடைத்தது? யார் எவ்வளவு நஷ்டம் ஏற்க வேண்டும் என்பது பெரும்பாலும் இந்தக் கேள்விக்கான பதிலைப் பொறுத்தே முடிவாகிறது.

இதற்கான விதியை ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று ஒரு சுற்றறிக்கையாக வெளியிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் கூட்டுறவு வங்கிகளுக்கும் இதே போன்ற விதி வந்தது. அதில் நம்மில் பலருக்குத் தெரியாத ஒரு வரி இருக்கிறது: தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் பொறுப்பு வங்கியைச் சேர்ந்தது. "நான் சொல்லவில்லை" என்பதற்கு நீங்கள் ஆதாரம் தேடி அலைய வேண்டியதில்லை. "இவர்தான் சொன்னார்" என்பதற்கு அவர்கள்தான் ஆதாரம் காட்ட வேண்டும்.

விதி விஷயத்தை மூன்றாகப் பிரிக்கிறது. வங்கியின் மோசடி, கவனக்குறைவு, சேவைக் குறைபாடு ஆகியவற்றால் பணம் போயிருந்தால் உங்களுக்கு ஒரு பைசா நஷ்டமும் வரக்கூடாது. நீங்கள் எப்போது புகார் செய்தீர்கள் என்பதும் அங்கே பொருட்டில்லை. தவறு உங்களுடையது என்றால், அதாவது ஓடிபி, பின், கடவுச்சொல் போன்றவற்றை நீங்களே கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் நிமிடம் வரை போன பணம் உங்கள் நஷ்டம். தெரிவித்த பிறகு போவது முழுவதும் வங்கியின் நஷ்டம். மூன்றாவது வகையில் தவறு வங்கியிடமும் இல்லை, உங்களிடமும் இல்லை, நடுவில் வேறெங்கோ இருக்கிறது. கடைக்காரரின் இணையதளத்திலிருந்து உங்கள் விவரம் திருடுபோனது ஓர் உதாரணம். நாள் கணக்கு இந்த மூன்றாவது வகைக்குத்தான் வருகிறது.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். சாதாரண சேமிப்புக் கணக்கு. வெள்ளிக்கிழமை இரவு 11.40 மணி வாக்கில் மூன்று பரிமாற்றங்கள் நடக்கின்றன: 30,000 ரூபாய், 18,000 ரூபாய், 4,000 ரூபாய். மூன்றுக்கும் எஸ்எம்எஸ் வந்துவிட்டது. மறுநாள் இரண்டாவது சனிக்கிழமை, வங்கி விடுமுறை. அதற்கடுத்த நாள் ஞாயிறு.

தகவல் வந்த நாளை எண்ணக்கூடாது. உங்கள் கணக்கு இருக்கும் கிளையின் வேலை நாட்களை மட்டும் எண்ண வேண்டும் என்கிறது விதி. ஆகவே திங்கள் முதல் நாள், செவ்வாய் இரண்டு, புதன் மூன்று. புதனுக்குள் தெரிவித்துவிட்டால் 52,000 ரூபாயும் வங்கியின் பொறுப்பு.

வியாழன் முதல் அடுத்த திங்கள் வரை, அதாவது நான்காவது நாளிலிருந்து ஏழாவது நாள் வரை தெரிவித்தால் உங்களுக்கும் பங்கு வரும். (மூன்றாவது சனிக்கிழமை வங்கி வேலை செய்யும், அதனால் அதுவும் எண்ணிக்கையில் சேரும்.) சாதாரண சேமிப்புக் கணக்குக்கு உச்சவரம்பு 10,000 ரூபாய். ஆனால் இது ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் தனித்தனி வரம்பு. பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். 30,000-க்கு உங்கள் பங்கு 10,000, 18,000-க்கும் 10,000. மூன்றாவது பரிமாற்றமே வரம்புக்குக் கீழ் இருப்பதால் 4,000-மும் உங்களுடையது. மொத்தம் 24,000 ரூபாய் உங்கள் நஷ்டம், மீதி 28,000 வங்கியுடையது. குறைந்தபட்ச இருப்பு தேவைப்படாத அடிப்படை சேமிப்புக் கணக்கானால் வரம்பு 5,000. கிரெடிட் கார்டுக்கு அதன் கடன் வரம்பு 5 லட்சம் வரை 10,000, அதற்கு மேல் 25,000.

செவ்வாய்க்கிழமை, எட்டாவது நாள் ஆகிவிட்டால் வங்கியின் இயக்குநர் குழு வகுத்த கொள்கை என்ன சொல்கிறதோ அதுதான். விடுமுறை வந்ததால் இரண்டு நாள் கூடுதலாகக் கிடைத்தது என்று காத்திருக்காதீர்கள். நஷ்டப் பங்கு என்ன ஆனாலும், பணம் முதல் சில மணி நேரத்தில்தான் கணக்கு விட்டுக் கணக்கு ஓடுகிறது.

இப்போது அதே சம்பவத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவோம். போனில் பேசியவரிடம் நீங்கள் ஓடிபியைச் சொல்லிவிட்டீர்கள். 30,000-மும் 18,000-மும் போயின. 11.55-க்கு வங்கியின் புகார் எண்ணுக்குத் தெரிவித்துவிட்டீர்கள். அதன் பிறகு 12.10-க்கு 4,000 போகிறது. முதல் 48,000 உங்கள் தலையில். அந்த 4,000 வங்கியின் தலையில். புகார் எண், நேரம் இரண்டையும் கேட்டு வாங்கி வைப்பது இதற்காகத்தான்.

சரி, ஓடிபி சொன்னால் கதை முடிந்ததா? முடியவில்லை. இங்கேதான் ரகசியக் கடமை உள்ளே வருகிறது.

வாடிக்கையாளரின் விவரத்தை வங்கி வெளியே விடக்கூடாது என்பது பழைய சட்டம். 1924-இல் லண்டனில் டூர்னியர் என்பவர் தொடுத்த வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தெளிவாக வகுத்தது. டூர்னியரின் முகவரியைக் கேட்க அவருடைய முதலாளிக்குப் போன் செய்த வங்கி மேலாளர், பேச்சோடு பேச்சாக ஆளுக்குக் கடன் நிலுவை இருக்கிறது, பந்தயக்காரர்களோடு பணப் பழக்கமும் இருக்கிறது என்று சொல்லிவிட்டார். டூர்னியருக்கு வேலை போனது. வங்கி வாயைத் திறக்க நான்கு காரணங்களே உண்டு என்றது நீதிமன்றம்: சட்டம் கட்டாயப்படுத்தினால், பொதுமக்கள் நலனுக்குத் தேவைப்பட்டால், வங்கியின் சொந்த நலனைக் காக்க வேண்டியிருந்தால், வாடிக்கையாளரே சம்மதித்தால். இந்திய நீதிமன்றங்களும் இந்த நான்கையே அளவுகோலாக எடுத்துக்கொள்கின்றன. பாரத ஸ்டேட் வங்கிக்கு அதன் 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 44-வது பிரிவும், தேசியமயமான வங்கிகளுக்கு 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13-வது பிரிவும் இதே கடமையை எழுத்திலேயே விதிக்கின்றன.

இதை உங்கள் புகாரோடு சேர்த்துப் பாருங்கள். போன் செய்தவருக்கு உங்கள் வைப்புத்தொகை நாளை முதிர்கிறது என்று தெரிந்திருந்தது. அல்லது, நேற்றுக் கிளையில் கொடுத்த விண்ணப்பத்தைப் பற்றிப் பேசினார். இந்தத் தகவல் வங்கிக்கும் உங்களுக்கும் மட்டுமே தெரிந்தது. நீங்கள் நம்பி ஏமாந்ததற்கே அதுதான் காரணம். அப்படியானால் இது வெறும் 'வாடிக்கையாளர் கவனக்குறைவு' இல்லை. கசிவு வங்கிப் பக்கமும் இருக்கலாம், முதல் வகைக்குள் வரலாம் என்று வாதிட இடமுண்டு. வேறு அறிகுறிகளும் உண்டு. உங்களுக்குத் தகவல் வராமலேயே பதிவு செய்த கைபேசி எண் மாறியிருக்கும். புதிய பெறுநர் சேர்க்கப்பட்டிருப்பார், எச்சரிக்கை வந்திருக்காது. ஓடிபி உங்கள் போனுக்கு வந்தே இருக்காது.

ஆகவே புகார்க் கடிதத்தில் "என் பணத்தைத் திருப்பித் தாருங்கள்" என்பதோடு நிற்காதீர்கள். ஓடிபி எந்த எண்ணுக்கு எத்தனை மணிக்குப் போனது, எந்தச் சாதனத்திலிருந்து, எந்த ஐபி முகவரியிலிருந்து நுழைந்தார்கள், பெறுநர் எப்போது சேர்க்கப்பட்டார் என்று எழுத்தில் கேளுங்கள். எச்சரிக்கைச் செய்தி போய்ச் சேர்ந்த நேரத்தையும் உங்கள் பதில் வந்த நேரத்தையும் வங்கி பதிவு செய்து வைத்திருக்க வேண்டும் என்பது விதியிலேயே உள்ளது. உங்கள் பக்கம் எஸ்எம்எஸ்களை அழிக்க வேண்டாம். பயத்தில் போனை ரீசெட் செய்துவிடவும் வேண்டாம்.

இந்த வழியில் வாதிட்டு வென்றவர்கள் உண்டு. 2010 ஏப்ரலில் தமிழ்நாட்டில், போலி மின்னஞ்சலை நம்பி விவரம் கொடுத்த வாடிக்கையாளருக்கு ஒரு தனியார் வங்கி 12.85 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழான தீர்ப்பு அதிகாரி உத்தரவிட்டார். அவருடைய தவறுதான் என்று வங்கி வாதிட்டும் எடுபடவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் முடித்து வைத்த வழக்கில், ஆன்லைனில் வாங்கிய பொருளைத் திருப்பி அனுப்ப முயன்றவரிடமிருந்து 94,000 ரூபாய்க்குச் சற்றுக் கூடுதலாகப் போயிருந்தது. அவர் 24 மணி நேரத்துக்குள் தெரிவித்திருந்தார். வங்கியே தர வேண்டும் என்ற கௌஹாத்தி உயர் நீதிமன்றத்தின் முடிவில் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. ஓடிபியை யாருக்கும் தராதீர்கள் என்று வாடிக்கையாளர்களுக்கும் ஒரு வார்த்தை சொன்னது.

ரகசியக் கடமைக்கு எரிச்சலூட்டும் மறுபக்கமும் உண்டு. பணம் யார் கணக்குக்குப் போனது என்று கேட்டால் வங்கி சொல்லாது. திருடனும் ஏதோ ஒரு வங்கியின் வாடிக்கையாளர், அவருடைய விவரமும் ரகசியமாம்! கோபப்பட்டுப் பயனில்லை, மேலே சொன்ன நான்கில் முதல் காரணத்தை நீங்களே உண்டாக்க வேண்டும். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்தாலோ cybercrime.gov.in தளத்தில் பதிந்தாலோ காவல்துறை உள்ளே வருகிறது. அவர்கள் கேட்டால் வங்கி விவரம் தரலாம், அந்தக் கணக்கில் மிச்சமிருக்கும் பணத்தை முடக்கவும் முடியும். வங்கிப் புகாரும் காவல் புகாரும் ஒன்றுக்கு ஒன்று மாற்றில்லை, இரண்டும் அதே இரவில் போக வேண்டும்.

அப்புறம் காலக்கெடு. நீங்கள் தெரிவித்த 10 வேலை நாட்களுக்குள் வங்கி அந்தத் தொகையைக் கணக்கில் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும், அதுவும் பணம் போன தேதியிட்டு. அதனால் இடைப்பட்ட நாட்களின் வட்டி போகாது. விசாரணை முடியும்வரை அதை எடுக்கவிடாமல் பிடித்து வைப்பதும் உண்டு, திகைக்க வேண்டாம். புகாரை 90 நாட்களுக்குள் முடிக்க வேண்டும். அதற்குள் யார் பொறுப்பு என்று முடிவு செய்ய முடியாவிட்டாலும், விதியில் உள்ள வரம்புப்படி பணம் தந்தே ஆக வேண்டும்.

வங்கி 30 நாட்களில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனிடம் cms.rbi.org.in தளத்தில் புகார் செய்யலாம், கட்டணம் கிடையாது. வங்கியிடம் முதலில் எழுத்தில் புகார் செய்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. வாயால் சொல்லிவிட்டு வந்தது செல்லாது.

ஒரு எல்லையை மறக்க வேண்டாம். இந்த விதி உங்கள் அனுமதி இல்லாமல் நடந்த பரிமாற்றத்துக்கானது. யாரோ மிரட்டியோ ஆசைகாட்டியோ, நீங்களே யுபிஐ பின்னை அழுத்தி அனுப்பிய பணத்தை வங்கி இதற்குள் எடுத்துக்கொள்ளாது. அதற்கு 1930-தான் முதல் வழி. அங்கேயும் மோசடியின் முதல் மணி நேரத்தில் அழைத்தவர்களுக்குத்தான் பணம் முடங்கிக் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.