ஓட்டுக்கும் சேர்த்துத்தான் காசு

வேலூர் லாங் பஜாரில் ஓட்டோடு இருக்கும் பிஸ்தா கிலோ 1,200 ரூபாய், உரித்த பருப்பு 2,200 என்று வைத்துக்கொள்வோம். முதலாவதுதான் மலிவு என்று கை தானாக அங்கே போகும். ஆனால் 100 கிராம் பிஸ்தாவை உரித்து, பருப்பை மட்டும் தராசில் வைத்துப் பாருங்கள், ஏறக்குறைய 50 முதல் 55 கிராம்தான் நிற்கும். 52 என்று எடுத்தால், வாயில் போகும் ஒரு கிராமின் விலை 2 ரூபாய் 31 காசு. உரித்ததோ 2 ரூபாய் 20 காசு. பாக்கெட்டில் கிராமுக்கு இவ்வளவு என்று அச்சடித்திருப்பார்களே, அதில் ஓடும் சேர்த்தி, அதை நம்பி ஒப்பிட்டால் கணக்கு தப்பும்.

முந்திரியில் ஓடு இல்லை, அங்கே காசு போவது உருவத்துக்கு. W240 என்றால் ஒரு பவுண்டில், அதாவது 454 கிராமில், 220 முதல் 240 முழுப் பருப்பு. W320 என்றால் 300 முதல் 320. எண் கூடக் கூடப் பருப்பு சிறிது, விலையும் குறைவு, சத்தில் வித்தியாசம் ஒன்றும் இல்லை. பாதியாக உடைந்தது இன்னும் மலிவு. ஆற்காடு மக்கன் பேடாவுக்குள் வைக்கப் பொடியாக நறுக்கப் போகிறீர்கள் என்றால் முழு முந்திரிக்குக் காசு கொடுப்பது வீண்தான். பிரியாணி மேலே தூவ வேண்டுமென்றால் சரி, அது கண்ணுக்கு.

ஆனால் உடைந்ததில் ஒரு சிக்கல் இருக்கிறது. பருப்பிலுள்ள கொழுப்பு காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்துதான் சிக்கு வாடை வருகிறது, உடைந்த பருப்பில் காற்று படும் பரப்பு அதிகம், வெயில் காலத்து வேலூர்ச் சூடும் அதை முடுக்கிவிடும். கிலோ 800 ரூபாய்க்கு உடைத்த முந்திரி வாங்கி, கால்வாசியைக் காறிப்போனதென்று கொட்டினால், தின்ற கிராமுக்கு 1 ரூபாய் 7 காசு ஆகிவிடும். கிலோ 1,000 ரூபாய் முழு முந்திரியை மிச்சமில்லாமல் தின்றவருக்கு 1 ரூபாய்தான். அக்ரூட்டில் எளிதில் கெடும் வகைக் கொழுப்பு இன்னும் அதிகம், அது முந்திரிக்கு முன்பே காறும். திராட்சையில் கொழுப்பு சொற்பம் என்பதால் இந்தத் தொல்லை கிடையாது, சர்க்கரை பூத்து இறுகும், அவ்வளவுதான்.

லூஸா, பாக்கெட்டா? லூஸில் ஒன்றைக் கடித்துப் பார்க்கலாம், அதுதான் அதன் ஒரே பலம். மென்று முடித்த பிறகு தொண்டையில் கசந்து பழைய எண்ணெய் வாடை அடித்தால் வேண்டாம். ரம்ஜான், தீபாவளி சமயத்தில் மூட்டை வேகமாகக் காலியாகும் கடையில் லூஸ் நல்லதே. மற்ற நாட்களில் வெளிச்சத்தில் திறந்து கிடக்கும் தட்டைவிட, பொதிந்த தேதி பார்த்து வாங்கும் பாக்கெட் மேல், நைட்ரஜன் நிரப்பியதென்றால் இன்னும் நல்லது, பிரிக்கும்வரை. பிரித்தால் காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரிட்ஜில் வையுங்கள். எடுத்தவுடன் திறக்காமல் வெளியே வைத்துக் குளிர் விட்ட பிறகு திறக்க வேண்டும், இல்லையென்றால் வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த பருப்பின்மேல் படிந்து நமுத்துவிடும். பூஞ்சை பிடித்ததை வறுத்தால் சரியாகிவிடும் என்பது தவறு, பூஞ்சை விட்டுவைக்கும் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு அந்தச் சூட்டுக்கு முழுதாக அழியாது.